நாளை வகுப்புக்கு ‘வரவில்லை’, ‘வரமாட்டேன்’, ‘வர இயலாது’: ஆசிரியருக்கு எதை எழுதுவது?

பக்கத்து வீட்டுப் பெண் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். செவ்வாய், வியாழன் மாலைகளில் இயற்பியல் டியூஷன். ஒரு புதன்கிழமை இரவு கைபேசியை நீட்டி, “சாருக்கு அனுப்பப் போகிறேன், தப்பு இருக்கிறதா பாருங்கள்” என்றாள். மெய்ப்புத் திருத்தியே வயதைக் கழித்தவனிடம் நான்கு வரியைக் காட்டினால் அவன் நாற்பது பிழை தேடுவான் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் எழுதியிருந்தது இது:

“சார், நாளை என்னால் வகுப்புக்கு வர முடியவில்லை. அக்காவுக்கு வளைகாப்பு இருந்தது. அதனால் வகுப்பை ரத்து செய்துவிடுங்கள். வேறு நாள் வையுங்கள். நன்றி.”

மரியாதையாகத்தான் எழுத முயன்றிருக்கிறாள். ஆனால் நாளை நடக்கப்போவது நேற்றே முடிந்துபோனதாகத் தெரிகிறது. மரியாதை பாதி வழியில் கட்டளையாக மாறிவிடுகிறது. ‘வர முடியாது’ என்று மாற்றச் சொன்னேன். “ஐயோ, அது திமிராக இருக்காதா?” என்றாள். அவள் பயத்தில் நியாயம் உண்டு. இந்தச் சின்னச் செய்தியில் தமிழ் வைத்திருக்கும் பொறியே அதுதான்: காலம் சரியாக இருக்கும் சொல் முரட்டுத்தனமாக ஒலிக்கிறது, பணிவாக ஒலிக்கும் சொல்லில் காலம் பிசகிவிடுகிறது. இதே குழப்பத்தோடு வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால், இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, காலம். ‘நாளை’ என்ற சொல்லோடு அந்த வினை ஒத்துப்போகிறதா? இதற்கு இலக்கணப் புத்தகம் வேண்டாம், ஓர் எளிய சோதனை போதும். எதிர்மறையை உடன்பாடாக மாற்றி, அதன் முன்னால் ‘நாளை’யை வைத்துச் சொல்லிப் பாருங்கள். ‘வர முடியவில்லை’ என்பது ‘வர முடிந்தது’, ‘வர முடிகிறது’ ஆகியவற்றின் மறுப்பு. ‘நாளை வர முடிகிறது’ என்று யாரும் சொல்வதில்லை, ‘நாளை வர முடியும்’ என்போம். எனவே நாளைக்கு உரிய மறுப்பு ‘முடியாது’தான்.

இரண்டாவது, காரணம் யார் தலையில் விழுகிறது என்பது. வராமல் இருப்பது உங்கள் விருப்பமா, சூழ்நிலையா? சில வினைகள் வாயைத் திறக்காமலே ‘என் விருப்பம்’ என்று சொல்லிவிடும்.

மூன்றாவது, ஆசிரியருக்கு வேலை தெளிகிறதா என்பது. அவர் காத்திருக்க வேண்டுமா, புறப்பட வேண்டுமா, அந்த ஒரு நாள் மட்டுமா, அந்த நேரம் யார் கணக்கில் போகிறது? பணிவாக எழுதப்பட்ட பல செய்திகள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

## ‘வர முடியவில்லை’

பலரும் முதலில் எடுக்கும் வடிவம் இது. ‘-வில்லை’ என்று முடிவதில் ஒரு கையறு நிலை தெரிகிறது. முயன்று பார்த்தேன், கூடவில்லை என்ற தொனி. அதனால் பணிவுக்காக இதை நாடுகிறார்கள். ஆனால் மேலே சொன்ன சோதனையில் இது தேறாது. நேற்றைக்கோ இந்த நிமிடத்துக்கோ பொருந்தும், நாளைக்குப் பொருந்தாது.

இதன் மறைவான செலவு வேறு. செய்தியைப் படிப்பவர் வினையைப் பார்த்துத்தான் எந்த நாள் என்று உறுதிசெய்துகொள்கிறார். இரவு பதினொன்றரைக்கு அனுப்பிய செய்தியை ஆசிரியர் மறுநாள் காலை ஆறு மணிக்குத் திறந்தால், ‘நாளை’ என்பது அவருக்கு அடுத்த நாள். அதோடு ‘முடியவில்லை’, ‘இருந்தது’ என்று கடந்தகாலம் சேர்ந்தால் எந்த நாளைச் சொல்கிறார்கள் என்றே தெரியாது. என் சிபாரிசு: வினை எதுவாக இருந்தாலும் ‘நாளை வியாழக்கிழமை’ என்று கிழமையைச் சேருங்கள். ஒரே சொல்லில் பாதிச் சிக்கல் தீரும்.

இது சரியாகும் இடமும் உண்டு. வகுப்பு நேரம் கடந்த பிறகு எழுதும்போது: “இன்று வகுப்புக்கு வர முடியவில்லை, மன்னித்துவிடுங்கள்.” அங்கே இதைவிட நல்ல வடிவம் இல்லை.

## ‘வர முடியாது’

காலம் சரி, ஒலி சரியில்லை. தமிழில் ‘முடியாது’ என்ற ஒற்றைச் சொல்லே ஒரு முழு மறுப்பு. கடைக்குப் போய் வா என்றால் பிள்ளைகள் சொல்லும் பதில், குறைத்துக் கொடுங்கள் என்றால் வியாபாரி சொல்லும் பதில். இயலாமையைச் சொல்லப் பிறந்த சொல், இணங்காமையைச் சொல்லிச் சொல்லி அந்த வாசனையை ஏற்றிக்கொண்டது. ‘என்னால்’ என்று முன்னால் சேர்த்தால் கொஞ்சம் இறங்கும். காரணத்தை முன்னால் வைத்தால் இன்னும் இறங்கும். “ஊருக்குப் போகிறோம், அதனால் நாளை என்னால் வர முடியாது” என்பது நெருங்கிப் பழகிய ஆசிரியருக்கு உறுத்தாது. காரணம் பின்னால் வந்தால், முதல் வாக்கியத்திலேயே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. பிறகு எவ்வளவு விளக்கினாலும் அது சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்து பேசுவதுதான்.

## ‘வரமாட்டேன்’

இலக்கணப்படி ‘வருவேன்’ என்பதற்கு நேர் எதிர் இதுதான். எதிர்காலம், தன்மை, ஒருமை எல்லாம் கச்சிதம். கச்சிதமாக இருப்பதாலேயே ஆபத்து. ‘மாட்டு’ என்ற வினைக்குப் பழைய தமிழில் இயலுதல் என்று பொருள். அந்நாளில் ‘மாட்டேன்’ என்றால் ‘என்னால் ஆகாது’. இன்றைக்கு அந்த இயலாமை தேய்ந்து, தன்மையில் ‘எனக்கு மனமில்லை’ என்பதே மேலே நிற்கிறது. மாணவர் ஆசிரியருக்கு ‘நாளை வரமாட்டேன்’ என்று எழுதினால், நேற்று ஏதாவது திட்டிவிட்டோமா என்று அவர் யோசிப்பார்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போகிறேன்’ என்றுகூடச் சொல்லாமல் ‘வருகிறேன்’ என்று சொல்லிப் பழகிய கூட்டம் நாம். நம் காதில் ‘வரமாட்டேன்’ வெறும் தகவலாக விழாது.

ஆனால் படர்க்கையில் இதே வினை சாதுவாகிவிடுகிறது. தாய் ஆசிரியருக்கு எழுதுகிறார்: “வணக்கம் ஐயா. காய்ச்சல் இருப்பதால் மகன் நாளை வகுப்புக்கு வரமாட்டான்.” இதில் பிடிவாதம் எதுவும் தெரிவதில்லை. வேறொருவரைப் பற்றிச் சொல்லும்போது அது விருப்பமாக இல்லாமல் செய்தியாகிவிடுகிறது. பெற்றோர் எழுதும் செய்திக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். மாணவரே எழுதினால் தவிர்க்கச் சொல்வேன்.

## ‘வரவில்லை’

‘நாளை வரவில்லை’ என்பதைப் பிழை என்று அடித்துவிடும் திருத்துநர்களை அறிவேன். நான் அடிப்பதில்லை. நிச்சயமான எதிர்காலத்தைத் தமிழர்கள் நிகழ்காலத்தில் சொல்கிறார்கள்: ‘நாளை மதுரைக்குப் போகிறேன்’, ‘அடுத்த வாரம் மாமா வருகிறார்’. அதே வழியில் ‘நாளை வருகிறேன்’ என்பதன் மறுப்பாக ‘நாளை வரவில்லை’ நிற்கிறது. எங்கள் சோதனையில் ‘முடியவில்லை’ தேறாமல் இது தேறுவது இதனால்தான்.

குறை காலத்தில் இல்லை, தொனியில் இருக்கிறது. முடிவெடுத்தாகிவிட்டது, உங்களுக்குத் தெரிவிக்கிறேன் என்ற ஒலி. ஆறு பேர் சேர்ந்து படிக்கும் குழுவில், ‘நாளை நான் வரவில்லை சார்’ என்பது போதும்; வகுப்பு எப்படியும் நடக்கும். ஒருவருக்காக மட்டும் நேரம் ஒதுக்கும் ஆசிரியருக்கு இது சுருங்கிப்போன செய்தி. கூடவே, எழுவாயை விட்டுவிட்டு ‘நாளை வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் யார் வரவில்லை என்ற கேள்வியும் எழும். இந்த வினை நான், அவன், அவர்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

## ‘வர இயலாது’

பொருளில் ‘முடியாது’வும் ‘இயலாது’வும் ஒன்று. காலமும் ஒன்று. வேறுபாடு பழக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் சண்டையில் யாரும் ‘இயலாது’ என்று கத்துவதில்லை. அதனால் அந்தச் சொல்லில் மறுப்பின் கறை ஒட்டவில்லை, இயலாமை மட்டும் சுத்தமாக நிற்கிறது. இலங்கையில் ‘ஏலாது’ என்பது அன்றாடப் பேச்சு. அங்கே எழுதுபவருக்கு இந்த இரண்டுக்கும் இடையே இவ்வளவு தூரம் தெரியாது. காரணத்தை முன்னால் வைப்பதே அவருக்குக் கூடுதலாக உதவும்.

இதன் செலவு, கொஞ்சம் விறைப்பு. தினமும் பேசிச் சிரிக்கும் ஆசிரியருக்கு ‘இயலாது’ என்று எழுதினால் அலுவலகக் கடிதம்போலத் தோன்றலாம். அங்கே ‘வர முடியாத நிலை’ என்றோ, ‘வர முடியாமல் இருக்கிறது’ என்றோ எழுதலாம். இரண்டும் முடிவைச் சூழ்நிலையின் தலையில் வைக்கின்றன. ‘முடியாது’ என்ற கடைசி அடி விழுவதில்லை. ‘இயலவில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். அது ‘முடியவில்லை’யின் அதே காலப் பிழை, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

## ‘வகுப்பை ரத்து செய்யுங்கள்’, ‘நாளை வர வேண்டாம்’

இங்கே காலத்தைவிட அதிகாரம்தான் பிரச்சினை. ரயிலை ரத்து செய்வது ரயில்வே; வகுப்பை ரத்து செய்வது வகுப்பு நடத்துபவர். மாணவர் தன் வருகையைத்தான் நிறுத்த முடியும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் டியூஷனில் அவளோடு இன்னும் ஐந்து பேர் படிக்கிறார்கள். அவள் ‘வகுப்பை ரத்து செய்துவிடுங்கள்’ என்றால், அந்த ஐந்து பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கட்டணமும் இதில் ஒளிந்திருக்கிறது. ‘ரத்து’ என்றால் வகுப்பே நடக்கவில்லை என்று பொருள். அந்த நேரத்துக்குப் பணம் உண்டா என்ற கேள்வியை நீங்களே கிளப்புகிறீர்கள். ‘நான் வர இயலாது’ என்றால் வகுப்பு இருந்தது, நான் இல்லை. மாதக் கட்டணம் வாங்கும் ஆசிரியர் இரண்டையும் வேறுவேறாகப் படிப்பார். ‘ரத்து’ பொருத்தமாகும் இடம் ஒன்று: ஒருவருக்கு மட்டும் நடக்கும் இணைய வகுப்பில், நீங்கள் இல்லாவிட்டால் வகுப்பே இல்லை என்னும்போது. அங்கும் ஏவலாக எழுதாமல், “நாளை நடக்கவிருக்கும் வகுப்பை ரத்து செய்துகொள்ளலாமா?” என்று கேளுங்கள். அவர் சம்மதித்த பிறகு அதுவே ‘நடக்கவிருந்த வகுப்பு’ ஆகும். முன்கூட்டியே ‘நடக்கவிருந்த’ என்று எழுதினால் அவருக்குப் பதிலாக நீங்களே முடிவெடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஆசிரியர் உங்கள் வீட்டுக்கு வருபவராக இருந்தால் பொறி வேறு. எனக்குத் தெரிந்த வயலின் ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வீட்டிலிருந்து ‘நாளை வர வேண்டாம்’ என்று மூன்று சொற்களில் செய்தி வந்தது. அவர் அதை வேலையிலிருந்து நிறுத்தியதாக எடுத்துக்கொண்டு அடுத்த வாரமும் போகவில்லை. அந்த வீட்டிலோ ஆசிரியர் சொல்லாமல் நின்றுவிட்டார் என்று வருத்தம். ‘நாளை மட்டும்’ என்று ஒரு சொல் சேர்ந்திருந்தால் இரண்டு வருத்தமும் இல்லை. ‘வேண்டாம்’ தடுக்கிறது, ‘வேண்டியதில்லை’ விடுவிக்கிறது. ஆகவே: “நாளை வியாழக்கிழமை மட்டும் நீங்கள் வர வேண்டியதில்லை. அடுத்த வகுப்பு வழக்கம்போல் திங்கட்கிழமை.” ‘நாளை சிரமப்பட வேண்டாம்’ என்று சிலர் நயமாக எழுதுவார்கள். நயம் இருக்கிறது, ஆனால் பாதி ஆசிரியர்கள் அதற்குப் பிறகும் சிரமப்பட்டு வந்து நிற்பார்கள்.

## ‘விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’

பள்ளி விடுப்பு விண்ணப்பத்தின் மிச்சம் இது. தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் கை தானாக எழுதும். காலச் சிக்கலே இல்லை, ஏனென்றால் ‘வருதல்’ என்ற வினையே இதில் இல்லை. கேட்பது இப்போது, விடுப்பு நாளை. பணிவும் நிறைய.

செலவு இரண்டு. ஒன்று, இது அனுமதி கேட்கிறது. அனுமதி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பஸ் டிக்கெட் எடுத்துவிட்டு அனுமதி கேட்பது சம்பிரதாயம் மட்டுமே, ஆசிரியருக்கும் அது தெரியும். மற்றொன்று, தூரம். வீட்டில் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கும் சாருக்கு ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று போனால் அவர் சிரிப்பார். பயிற்சி நிறுவனம், வருகைப் பதிவேடு, முதல்வர் என்று இருக்கும் இடத்தில் இதுவே சரியான வடிவம்.

கேட்கும் சொல்லிலும் படிநிலை உண்டு. கீழே இருப்பவர் கேட்டால் ‘ஈ’, ஒத்தவர் கேட்டால் ‘தா’, மேலே இருப்பவர் கேட்டால் ‘கொடு’ என்று தொல்காப்பியம் பிரித்திருக்கிறது. ‘ஈ’யை இன்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ‘விடுப்பு கொடுங்கள்’ என்பதைவிட ‘விடுப்பு தாருங்கள்’ இன்றைக்கும் ஒரு படி பணிவாகக் கேட்பது அந்தப் பழைய வரிசையின் எதிரொலி என்றே எனக்குப் படுகிறது.

## ஒரே பார்வையில்

| வடிவம் | ‘நாளை’யோடு | காதில் விழுவது | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| வர முடியவில்லை | பொருந்தாது | வருத்தம் | வகுப்பு நேரம் கடந்த பிறகு |
| வர முடியாது | பொருந்தும் | மறுப்பு | நெருங்கிய ஆசிரியர், காரணம் முன்னால் வந்தால் |
| வரமாட்டேன் | பொருந்தும் | விருப்பமின்மை | பெற்றோர் எழுதும் ‘வரமாட்டான்’, ‘வரமாட்டாள்’ |
| வரவில்லை | பொருந்தும் | அறிவிப்பு | குழு வகுப்பு |
| வர இயலாது | பொருந்தும் | இயலாமை, சற்று விறைப்பு | பெரும்பாலான இடங்கள் |
| ரத்து செய்யலாமா | பொருந்தும் | வகுப்பையே தொடும் கேள்வி | ஒருவருக்கான இணைய வகுப்பு |
| விடுப்பு அளிக்குமாறு | சிக்கல் இல்லை | அனுமதி கோரல் | பயிற்சி நிறுவனம் |

## அந்தச் செய்தியைத் திருத்தியது

வினையைத் தேர்ந்துவிட்டாலும் மற்ற வாக்கியங்கள் காலை வாரிவிடும். ‘வளைகாப்பு இருந்தது’ என்பதை முதலில் எடுத்தேன். அவள் ஏன் அப்படி எழுதினாள் என்று பார்த்தால், ‘முடியவில்லை’ என்ற முதல் வாக்கியம் அடுத்த வாக்கியத்தையும் கடந்தகாலத்துக்கு இழுத்துவிட்டது. நிச்சயிக்கப்பட்ட நிகழ்ச்சி என்பதால் ‘நாளை வளைகாப்பு இருக்கிறது’ போதும். காலையில் திண்டுக்கல் போகிறார்கள், இரவுதான் திரும்புவார்கள் என்றாள். அந்த ‘இரவுதான் திரும்புவோம்’ ஆசிரியருக்குப் பயனுள்ள தகவல்: வளைகாப்பு காலையில்தானே, மாலை ஆறு மணி வகுப்புக்கு ஏன் வரக்கூடாது என்று அவர் கேட்கவேண்டியிருக்காது. ‘போகிறோம்’ நிகழ்காலம், ‘திரும்புவோம்’ எதிர்காலம். இரண்டும் நாளையைத்தான் சொல்கின்றன, கலந்து வந்தாலும் பிழையில்லை.

‘வேறு நாள் வையுங்கள்’ என்பது ஏவல். ‘-உங்கள்’ சேர்ந்தாலும் ஏவல் ஏவல்தான். முன்னால் ‘தயவுசெய்து’ சேர்த்தால் கெஞ்சல் கூடுமே தவிர கட்டளை குறையாது. கேள்வியாக்கிவிட்டால் போதும். அதுவும் திறந்த கேள்வியாக இல்லாமல், ஒரு நாளைச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘வேறு நாள் முடியுமா?’ என்றால் நாளைத் தேடும் வேலை ஆசிரியருக்குப் போகிறது. சனிக்கிழமை அவருக்கு இன்னொரு குழு இருக்கிறது, அதோடு சேர்ந்துகொள்ள முடியும் என்றாள். பிறகென்ன, அதையே கேட்கலாம்.

மன்னிப்பு வேண்டுமா என்று கேட்டாள். வளைகாப்புக்குப் போவது குற்றமில்லை. முன்னதாகச் சொல்லாததற்கு மட்டும் ஒரு சொல் போதும். ‘மன்னிக்கவும்’ என்பது இப்போது ‘வேலை நடக்கிறது, தடங்கலுக்கு மன்னிக்கவும்’ என்ற பலகையின் சொல்லாகிவிட்டது. ‘மன்னித்துவிடுங்கள்’ ஓர் ஆள் இன்னோர் ஆளிடம் பேசுவது. கடைசி ‘நன்றி’யை அடித்தேன். கேள்விக்குப் பதில் வருமுன் நன்றி சொன்னால் அவர் ‘சரி’ என்றே ஆகவேண்டும் என்று கையைப் பிடிப்பதாகிவிடும்.

‘இயலாது’வா ‘முடியாத நிலை’யா என்பதில் மட்டும் எங்களுக்குள் வழக்கு. இரண்டு ஆண்டாக அவரிடம் படிக்கிறாள், ‘இயலாது’ என்று எழுதினால் சார் யாரோ எழுதிக்கொடுத்தது என்று கண்டுபிடித்துவிடுவார் என்றாள். அவள் சொன்னதே சரி. இப்படி அனுப்பினாள்:

“வணக்கம் சார். நாளை வியாழக்கிழமை அக்காவுக்கு வளைகாப்பு இருக்கிறது. காலையிலேயே திண்டுக்கல் போகிறோம், இரவுதான் திரும்புவோம். அதனால் நாளை மட்டும் வகுப்புக்கு வர முடியாத நிலை. முன்பே சொல்லாததற்கு மன்னித்துவிடுங்கள். விட்டுப்போகும் பாடத்துக்குச் சனிக்கிழமைக் குழுவோடு சேர்ந்துகொள்ளலாமா?”

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: “சரி. சனிக்கிழமை ஐந்தரைக்கு வா. செவ்வாய்க்கிழமைக் கணக்குகளை முடித்துக்கொண்டு வா.”

அந்தக் கணக்குகளைப் பற்றி அவள் என்னிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.